பாதி விளிம்பு கொதிநீராவி, பாதி விளிம்பு பனிநீர்: வட்டத் தட்டின் உறுதிநிலை வெப்பநிலை

கேள்வி: சேர், நான் வந்தாறுமூலையில் இரண்டாம் வருடம் கணிதம் படிக்கிறேன். வட்டத் தட்டொன்றின் விளிம்பில் மேல்பாதி 100°C, கீழ்ப்பாதி 0°C. பூரியர் தொடரை எழுதி 20 உறுப்புகளைக் கூட்டினால் விளிம்பிலே ஓரிடத்தில் 109 என்று வருகிறது. எங்கேயாவது பிழை விட்டிட்டேனா? விரிவுரையில் புவாசோன் கரு என்று ஒன்றை எழுதினார்கள். அது எங்கிருந்து வந்தது, இந்தக் கணக்குக்கு அது உதவுமா?

பதில்:

உங்கள் குணகங்களிலும் கூட்டலிலும் பிழை இல்லை. அந்த 109 தட்டின் வெப்பநிலை அன்று. முடிவில்லாத தொடரை இருபதாவது உறுப்பில் வெட்டியதன் விளைவு. புவாசோன் கரு என்பது அதே தொடரை வெட்டாமல் முழுவதும் கூட்டினால் கிடைப்பது. ஆகவே இவை இரண்டு வெவ்வேறு முறைகள் அல்ல. வெட்டிய கூட்டுத்தொகையையும் வெட்டாத கூட்டுத்தொகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 100ஐத் தாண்டும் விடை எங்கிருந்து நுழைந்தது என்பது தெளிவாகத் தெரியும். அதை உங்கள் கணக்கைக் கொண்டே காட்டுகிறேன்.

முதலில் பிரசினத்தைத் திட்டமாக வைத்துக்கொள்வோம். 10 cm ஆரையுடைய மெல்லிய உலோகத் தட்டு ஒன்றை எடுத்து, அதன் இரு முகங்களையும் வெப்பம் போகாதவாறு காவலிட்டு, விளிம்பின் மேல்பாதியைக் கொதிநீராவி ஓடும் குழாயோடும் கீழ்ப்பாதியைப் பனிக்கட்டி கலந்த நீர் ஓடும் குழாயோடும் ஒட்டவைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். மட்டக்களப்பு கடல்மட்டத்தில் இருப்பதால் நீராவியை 100°C என்று எடுப்பதில் திருத்தம் எதுவும் தேவைப்படாது. சிறிது நேரம் கழிந்தபின் தட்டின் எந்தப் புள்ளியிலும் வெப்பநிலை மாறாத நிலை வரும். அந்த நிலையில் தட்டின் எந்தச் சிறு துண்டை எடுத்தாலும் அதற்குள் வரும் வெப்பமும் அதிலிருந்து வெளியேறும் வெப்பமும் சமன். இதைச் சமன்பாடாக எழுதினால் வருவதே இலாப்பிலாசின் சமன்பாடு. முனைவாள்கூறுகளில் அது

u_rr + (1/r) u_r + (1/r²) u_θθ = 0

என்றாகும். ஆரையை ஓரலகாக எடுத்திருப்பதால், இங்கு r = 0.5 என்பது மையத்திலிருந்து 5 cm தொலைவைக் குறிக்கும். உலோகத்தின் வெப்பக் கடத்தாறு இச்சமன்பாட்டில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தட்டு முழுவதும் ஒரே பொருளாக இருக்கும்வரை, செம்பானாலும் இரும்பானாலும் உறுதிநிலையில் வெப்பநிலைப் பரம்பல் ஒன்றுதான்; ஒரு செக்கனில் கடந்துசெல்லும் வெப்பத்தின் அளவே வேறுபடும்.

மாறிகளைப் பிரித்து எழுதும்போது கிடைக்கும் தீர்வுகள் rⁿ cos nθ, rⁿ sin nθ என்பவையும், அவற்றோடு r⁻ⁿ உள்ளவையும் ln r உம் ஆகும். பின்னவை மையத்தில் முடிவிலியாகிவிடும். தட்டின் மையத்தில் அப்படி எதுவும் நிகழாது என்பதால் அவற்றை விட்டுவிடுகிறோம். மீதியானவற்றை விளிம்பில், அதாவது r = 1 இல், தரப்பட்ட f(θ) உடன் பொருத்தும்போது f இன் பூரியர் குணகங்களே குணகங்களாக வருகின்றன. உங்கள் விளிம்புக்கு அவற்றைக் கணித்தால்

u(r, θ) = 50 + (200/π) [ r sin θ + (r³/3) sin 3θ + (r⁵/5) sin 5θ + … ]

என்று நீங்கள் பெற்ற அதே தொடர்தான் வரும். மையத்தில் r = 0 என்பதால் 50 மட்டும் எஞ்சும்; அது விளிம்பின் இடைவெப்பநிலை. இவ்வளவும் உங்கள் குறிப்புகளில் இருக்கும், ஆகவே இதில் நிற்க வேண்டியதில்லை.

இத்தொடரில் உண்மையில் கவனிக்க வேண்டியது rⁿ என்ற காரணி. விளிம்பில் n தடவை ஏறி இறங்கும் ஓர் அலை மையத்தை நோக்கி வரும்போது rⁿ என்ற விகிதத்தில் தேய்கிறது. 5 cm தொலைவில் n = 1 அலையின் பாதி எஞ்சியிருக்கும்போது, n = 9 அலையில் ஐந்நூறில் ஒரு பங்கே எஞ்சுகிறது. அதனால் உட்பகுதியில் தொடர் மிக விரைவாக ஒருங்குகிறது. மையத்துக்கு நேர்மேலே 5 cm தொலைவில், அதாவது r = 0.5, θ = 90 பாகையில், ஓர் அலையை மட்டும் எடுத்தால் 81.83 வருகிறது. இரண்டு எடுத்தால் 79.18, மூன்றுக்கு 79.58, நான்குக்கு 79.51, ஐந்துக்கு 79.52. சரியான விடையும் இரண்டு தசமத்துக்கு 79.52 தான்.

விளிம்பிலே r = 1 என்பதால் அந்தத் தேய்வு அறவே இல்லை. உறுப்புகள் 1/n என்ற மெதுவான வேகத்திலேயே குறைகின்றன. N உறுப்புகளின் கூட்டுத்தொகையை θ குறித்து வகையிட்டால் (100/π) sin 2Nθ / sin θ என்று வருவதை நீங்களே சரிபார்க்கலாம். அது முதன்முதலில் பூச்சியமாவது θ = π/(2N) இல்; உங்கள் N = 20க்கு அது 4.5 பாகை. நீங்கள் 109ஐக் கண்ட இடம் அதுவாக இருக்கும். அதற்குச் சமச்சீராகக் கீழ்ப்பாதியில் −4.5 பாகையில் ஏறத்தாழ −9 வந்திருக்கும். பனிநீர் தொட்ட தட்டில் பூச்சியத்துக்குக் கீழான வெப்பநிலை! உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த மேடு, விளிம்பு வெப்பநிலை 0 இலிருந்து 100க்குத் தாவும் பாய்ச்சல் புள்ளியை நோக்கி நகர்ந்து ஒடுங்குமேயொழிய உயரத்தில் குறையாது. 100 அளவுள்ள பாய்ச்சலுக்கு அது எப்போதும் ஏறத்தாழ 8.95 தாண்டும். இதை 1848 இல் வில்பிரகாம் கவனித்து எழுதியிருந்தும் எவரும் பொருட்படுத்தவில்லை. 1899 இல் கிப்ஸ் எழுதிய பின்னரே அது அவர் பெயரால் அறியப்பட்டது.

மேடு இருக்கிறது என்று சொல்வது வேறு, அது ஏன் வருகிறது என்று சொல்வது வேறு. இரண்டாவதற்குத்தான் கரு தேவைப்படுகிறது. குணகங்களை எண்களாகக் கணிக்காமல் அவற்றின் தொகையீட்டு வடிவிலேயே தொடருக்குள் இட்டு, கூட்டலையும் தொகையிடலையும் இடம் மாற்றுங்கள். r < 1 ஆக இருக்கும்வரை rⁿ என்ற காரணி இந்த மாற்றத்துக்கு அனுமதி தருகிறது. அப்போது

u(r, θ) = (1/2π) ∫ f(s) [ 1 + 2r cos t + 2r² cos 2t + 2r³ cos 3t + … ] ds,  t = θ − s

என்று வரும், தொகையீடு விளிம்பு முழுவதையும் ஒருமுறை சுற்றி வருகிறது. அடைப்புக்குள் உள்ள தொடரை S என்போம். அதைக் கூட்டச் சிக்கலெண் கூடத் தேவையில்லை. S ஐ (1 − 2r cos t + r²) ஆல் பெருக்கி, rⁿ இன் குணகத்தைத் திரட்டிப் பாருங்கள். n ஆனது 3 அல்லது அதற்கு மேலாக இருக்கும்போது அது 2 cos nt + 2 cos (n−2)t − 4 cos t cos (n−1)t ஆகும். உயர்தரத்தில் படித்த 2 cos A cos B சூத்திரப்படி கடைசி உறுப்பு முதல் இரண்டையும் முற்றாக நீக்கிவிடுகிறது. r இன் குணகமும் பூச்சியம். r² இன் குணகம் 2 cos 2t + 1 − 4 cos² t, அதாவது −1. மாறிலி 1. ஆகவே எஞ்சுவது 1 − r² மட்டுமே:

S = P(r, t) = (1 − r²) / (1 − 2r cos t + r²)

இதுதான் புவாசோன் கரு. கோசைன் விதியை நினைவுகூர்ந்தால், கீழே உள்ள கோவை தட்டின் உட்புள்ளிக்கும் விளிம்பின் s என்ற புள்ளிக்கும் இடையிலான தூரத்தின் வர்க்கம் என்பது விளங்கும். அதாவது உட்புள்ளியின் வெப்பநிலை என்பது விளிம்பு வெப்பநிலைகளின் நிறையிட்ட இடை. ஒவ்வொரு விளிம்புப் புள்ளிக்கும் உரிய நிறை, தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதத்தில் இருக்கிறது. r = 0.9 இல் மிக அருகிலுள்ள விளிம்புப் புள்ளியின் நிறை 19; நேரெதிரே உள்ள புள்ளியின் நிறை 1/19. மையத்தில் எல்லா நிறைகளும் 1.

இந்தக் கருவின் இரண்டு இயல்புகள் உங்கள் கேள்விக்கு நேரடியாக விடை தருகின்றன. முதலாவது, அதன் தொகுதியும் பகுதியும் நேரானவை என்பதால் அது எங்கும் நேர்ப் பெறுமானமே கொள்ளும். இரண்டாவது, விளிம்பைச் சுற்றி அதன் இடைப் பெறுமானம் 1. தொடரில் கோசைன்கள் யாவும் ஒரு சுற்றில் பூச்சியமாகி முதல் 1 மட்டும் எஞ்சுவதால் இது தெளிவு. நேரான நிறைகளைக் கொண்டு, அவற்றின் இடை 1 ஆக இருக்க, 0க்கும் 100க்கும் இடைப்பட்ட எண்களின் இடையை எடுத்தால் விடை அவற்றுக்கு வெளியே போக முடியாது. தட்டின் உள்ளே எங்கும் 100ஐத் தாண்ட இடமில்லை என்பதற்கு இதற்கு மேல் நிறுவல் வேண்டாம்.

நீங்கள் தொடரை வெட்டியபோது கருவையும் வெட்டினீர்கள். மூன்றாவது அலையோடு நிறுத்தினால், விளிம்பில் பயன்படும் கரு 1 + 2 cos t + 2 cos 2t + 2 cos 3t. இதில் t = 60 பாகை இட்டுப் பாருங்கள்: 1 + 1 − 1 − 2 = −1. நிறை எதிராகிவிட்டது. அதாவது 60 பாகை தள்ளியிருக்கும் ஒரு புள்ளியைச் சூடாக்கினால் இங்கே வெப்பநிலை குறையும் என்று அந்த வெட்டிய சூத்திரம் சொல்கிறது. வெப்பம் ஒருபோதும் அப்படி நடப்பதில்லை. எதிர் நிறைகள் பனிநீர்ப் பக்கத்தின் மேல் விழ, நேர் நிறைகள் நீராவிப் பக்கத்தில் 1ஐ விடக் கூடுதலாகத் திரண்டுவிடுகிற இடத்தில்தான் 109 வருகிறது. எத்தனை உறுப்புகள் சேர்த்தாலும் விளிம்பில் வெட்டிய கருவுக்கு எதிர்ப்பகுதி இருந்துகொண்டே இருக்கும். மேடு உயரத்தில் குறையாததற்குக் காரணம் அதுவே.

உட்பகுதியில் நிலைமை வேறு. r = 0.5 இல் முழுக் கருவின் மிகக் குறைந்த பெறுமானம் 1/3. மூன்று அலைகளோடு வெட்டினால் விடுபடும் பகுதி, பெருக்கல் தொடராகக் கூட்டிப் பார்க்கையில், அதிகபட்சம் 0.25. ஆகவே வெட்டிய பின்னும் கரு நேராகவே இருக்கிறது. உறுப்புகள் குறைவாக இருந்தும் 5 cm தொலைவில் 100ஐ மீறிய விடை வராததன் காரணத்தை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன.

இனி உங்கள் கணக்கின் சரியான விடைக்கு வருகிறேன். கருவைத் தொகையிட்டும் அதைப் பெறலாம். ஆனால் சாதாரண தரக் கேத்திரகணிதத்தைக் கொண்டு பெறும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. பாய்ச்சல் நிகழும் இரு புள்ளிகளை A, B என்போம். AB ஒரு விட்டம். உள்ளே P என்ற புள்ளியில் நின்று சூடான வில்லைப் பார்த்தால் அது அமைக்கும் கோணத்தை ψ என்று குறிப்போம். A ஐ முனைவாகக் கொண்ட திசைக்கோணம் இலாப்பிலாசின் சமன்பாட்டுக்கு உடன்படும், ஏனெனில் மேலே எழுதிய சமன்பாட்டில் u = θ என்று இட்டால் மூன்று உறுப்புகளும் பூச்சியம். B ஐ முனைவாகக் கொண்டதும் அப்படியே. ψ இவ்விரண்டின் வித்தியாசம் (ஒரு மாறிலியைக் கூட்டலாம்), ஆகவே அதுவும் உடன்படும். P பனிநீர் விளிம்பை அடையும்போது, அரைவட்டக் கோணம் செங்கோணம் என்பதால் ψ = 90 பாகை. P நீராவி விளிம்பை அடையும்போது விட்டம் 90 பாகையை எடுத்துக்கொள்ள, சூடான வில்லுக்கு எஞ்சுவது 270 பாகை. இரு விளிம்புகளிலும் ψ மாறிலியாக இருப்பதால் 90ஐ 0 ஆகவும் 270ஐ 100 ஆகவும் மாற்றும் நேர்கோட்டுத் தொடர்பே விடை:

u = (5/9)(ψ − 90)

மையத்துக்கு 5 cm மேலே விட்டம் AB அமைக்கும் கோணம் 126.87 பாகை; ஆகவே ψ = 233.13; u = 79.52. தொடரில் ஐந்து உறுப்புகளைக் கூட்டிப் பெற்ற எண் இங்கே பாகைமானியால் அளக்கக்கூடிய ஒரு கோணமாக வந்துவிடுகிறது. சமவெப்பக் கோடுகளையும் இனிக் கணிக்கத் தேவையில்லை. ஒரே வட்டத்துண்டத்திலுள்ள கோணங்கள் சமம் என்பதால் ψ மாறாத கோடுகள் A, B இரண்டினூடும் செல்லும் வட்ட வில்கள். 50°C கோடு மட்டும் நேராகி விட்டமாகிறது. கவராயத்தை எடுத்து வரைந்துவிடலாம். ஆள்கூறுகளில் எழுத வேண்டுமானால்

u = 50 + (100/π) tan⁻¹[ 2r sin θ / (1 − r²) ]

என்று வரும். சூடான வில் அரைவட்டமாக இல்லாமல் மையத்தில் α பாகை அமைக்கும் வேறொரு வில்லாக இருந்தாலும் இதே வாதம் u = 100 (2ψ − α)/360 என்று தரும். α = 60க்கு மையத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள்; விளிம்பில் ஆறிலொரு பங்கு சூடாக இருக்கும்போது வரவேண்டிய 16.67 சரியாக வரும்.

விளிம்புக்கு அருகே இந்தச் சூத்திரத்தை வைத்துச் சோதிப்போம். விளிம்பிலிருந்து 1 mm உள்ளே, θ = 2 பாகையில், r = 0.99 ஆகும். tan⁻¹ இன் உள்ளே வருவது 3.472, கோணம் 73.93 பாகை; u = 91.07. தொடரைக் கொண்டு விளிம்பருகே இத்தகைய துல்லியத்தைப் பெற எத்தனை உறுப்புகள் வேண்டும்? பாய்ச்சலிலிருந்து மிகத் தொலைவான, ஆகவே மிக எளிதான θ = 90 பாகையில் கூட, விடுபடும் முதல் உறுப்பு 0.1°C க்குக் கீழே வர n ஏறத்தாழ 150 வரை போக வேண்டும். விதியாகச் சொன்னால், n ஆனது 1/(1 − r) ஐப் பலமுறை தாண்டாமல் நிறுத்தக் கூடாது. நீங்கள் n = 39 இல் நிறுத்தினீர்கள்; 0.99³⁹ என்பது இன்னும் 0.68. அந்த இடத்தில் அலைகள் தேயவே தொடங்கவில்லை என்று சொல்லலாம்.

இதைக் கேட்டதும், தொடரை விட்டுவிட்டுக் கருவையே கணினியில் தொகையிட்டால் விளிம்பருகே தொல்லை தீர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. மாணவர்கள் பலர் அதில் விழுவதைப் பார்த்திருப்பதால் எச்சரிக்கிறேன். கருவின் முனை ஏறத்தாழ 1 − r ஆரையன் அகலமுடையது. r = 0.99 இல் அது ஒரு பாகையிலும் குறைவு. விளிம்பை 10 பாகைக்கு ஒன்றாக 36 புள்ளிகளாகப் பிரித்தால், முனையின் வடிவத்தைப் புள்ளிகள் பார்ப்பதேயில்லை. உங்கள் கணினியில் இதை ஓட்டுங்கள்:

```python
import numpy as np
r, M = 0.99, 36
s = 2*np.pi*np.arange(M)/M
P = (1 - r**2)/(1 - 2*r*np.cos(s) + r**2)
print(P.mean())
```

1 வரவேண்டிய இடத்தில் 5.59 வரும். விளிம்பு முழுவதும் 100°C ஆக இருக்கும் தட்டின் உள்ளே 559°C என்று அந்த நிரல் சொல்லிவிடும்! இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வரும் கோணத்தில் கணித்தால் அதே தட்டுக்கு 18°C என்று வரும். நல்லவேளையாக இந்தப் பிழைக்குச் சரியான சூத்திரமே உண்டு: சம இடைவெளியில் M புள்ளிகள் எடுத்தால் முதல் வகையில் இடை (1 + rᴹ)/(1 − rᴹ), இரண்டாம் வகையில் அதன் தலைகீழ். r = 0.5 இல் 36 புள்ளிகளே தாராளம்; r = 0.99 இல் 1000 புள்ளிகள் எடுத்தால் கருவின் இடையிலுள்ள பிழை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போகும். ஆகவே எந்த f ஐயும் இடும் முன்பு f = 1 என்று இட்டு 1 வருகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வராவிட்டால் புள்ளிகள் போதவில்லை. புள்ளிகளைக் கூட்ட முடியாத நிலையில், f(s) க்குப் பதிலாக f(s) − f(θ) ஐத் தொகையிட்டுப் பின் f(θ) ஐக் கூட்டுவது பயன் தரும், ஏனெனில் கருவின் முனை இருக்கும் இடத்தில் அந்த வித்தியாசம் பூச்சியத்தை அண்டியிருக்கும். ஆனால் பாய்ச்சலுக்கு அருகில் f தொடர்ச்சியாக இல்லாததால், அந்த உத்தி அங்கே பலவீனமடையும்.

வெட்டிய தொடர் எதிர் நிறைகளால் கெடுகிறது. புள்ளிகள் போதாத தொகையீடு, நிறைகளின் இடை 1 ஆக இல்லாததால் கெடுகிறது. கையிலுள்ள விடை 0க்குக் கீழோ 100க்கு மேலோ போனால் இவ்விரண்டில் எது நிகழ்ந்தது என்று பிரித்தறிய f = 1 சோதனை போதும். வெட்டிய தொடர் அச்சோதனையில் எப்போதும் சித்தியடையும், ஏனெனில் வெட்டினாலும் முதல் 1 அப்படியே இருக்கிறது. தொகையீட்டில் புள்ளிகள் போதாவிட்டால் அது தோற்றுவிடும்.

இன்னொன்று, பாய்ச்சல் என்பதே எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது. மேலே கொடுத்த tan⁻¹ சூத்திரத்தை r குறித்து வகையிட்டு r = 1 இட்டால், நீராவி விளிம்பில் படித்திறன் 100/(π sin θ) என்று வரும். 10 cm ஆரைக்கு, உச்சியில் அது சென்ரிமீற்றருக்கு 3.2°C தான். θ = 2 பாகையில் அதுவே சென்ரிமீற்றருக்கு 91°C; சற்று முன் 1 mm உள்ளே ஏறத்தாழ 9°C குறைந்திருந்ததோடு இது ஒத்துப்போகிறது. θ பூச்சியத்தை நோக்கிப் போகையில் படித்திறன் எல்லையின்றி ஏறும். விளிம்பு நெடுகிலும் அதைத் தொகையிட்டால் மடக்கையாக முடிவிலிக்குப் போகும். அதாவது கணிதப் பாய்ச்சலை அப்படியே நிலைநிறுத்த நீராவிக் குழாய் ஒரு செக்கனில் முடிவில்லாத வெப்பம் தர வேண்டும். எந்தக் குழாயாலும் அது இயலாது. உண்மைத் தட்டில் இரு குழாய்களும் சந்திக்கும் இடத்தில் வெப்பநிலை சில மில்லிமீற்றர் தூரத்தில் படிப்படியாகவே மாறும். வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டால், அந்தச் சில மில்லிமீற்றரைத் தாண்டிய எங்கும் பாய்ச்சல் மாதிரி நல்ல விடை தரும். மொத்த வெப்பம் எவ்வளவு பாய்கிறது என்று கேட்டால் அதே மாதிரி பயனற்றது.

ஆகவே விரிவுரையாளர் பாயும் மொத்த வெப்பத்தின் அளவையும் கேட்டிருந்தால், பாய்ச்சல் புள்ளியின் இரு பக்கமும் δ கோணம்வரை f நேர்கோடாக ஏறுவதாக எடுங்கள். அதற்குத் தொடரை மறுபடி முதலிலிருந்து கணிக்க வேண்டியதில்லை. n ஆவது உறுப்பை sin nδ / nδ ஆல் பெருக்கினால் போதும். இங்கு δ ஆரையனில் இருக்க வேண்டும். δ = 2 பாகை என்றால் மாற்றம் நிகழும் விளிம்பு நீளம் ஏறத்தாழ 7 mm. இப்போது குணகங்கள் 1/n² ஆகக் குறைவதால் தொடர் விளிம்பிலும் சீராக ஒருங்கும். போதிய உறுப்புகள் சேர்க்கையில் மேடும் தாழ்ந்து மறையும். மொத்த வெப்பமும் முடிவுள்ளதாகும். ஆனால் n = 39 இல் அந்தக் காரணி இன்னும் 0.72 ஆகவே இருப்பதால், இருபது உறுப்புகளோடு நிறுத்தினால் இந்தத் திருத்தத்தின் பயன் பெரிதாகத் தெரியாது. n ஐ 90க்கு அப்பால், அதாவது nδ ஆனது π ஐத் தாண்டும்வரை, கொண்டுசென்று பாருங்கள்.